சடங்கு இரவில் பூதக் கதை: கூட்டத்தையும் சேர்த்துக் கத்த வைப்பது பற்றி அடிக்கடி கேட்கிறவை

வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கு வந்தால் கோயில் வெளிவீதி மணலில் பிள்ளைகளை இருத்தி நான் சொல்கிற கதை ஒன்று இருக்கிறது. நெற்கதிரை மிதிக்கிற களத்தை எங்கள் மட்டக்களப்புப் பக்கம் களவெட்டி என்போம், அந்தக் களவெட்டிப் பூதத்தின் கதை. கூட்டம் கத்தாவிட்டால் அந்தக் கதை நகராது. அதைத் தங்கள் ஊரில் சொல்ல விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

சடங்கு இரவு முழுக்க ஏதாவது நடந்துகொண்டுதானே இருக்கும், எப்ப சொல்றது?

உள்ளே கண்ணகி வழக்குரை பாடும் நேரத்தில் வாயே திறக்கக் கூடாது. கண்ணகியம்மன் கோயில்களில் கதவு திறந்த நாளில் இருந்து கடைசி நாள் குளிர்த்தி வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது, அதற்குக் குறுக்கே போகிற கதைகாரனைக் கோயில் நிர்வாகியான வண்ணக்கர் அடுத்த வருசம் வாசலிலேயே நிறுத்திவிடுவார், அதில் அவர்மேல் பிழையும் இல்லை. நல்ல நேரம் என்றால் குளிர்த்தி இரவில், இராப்பூசை முடிந்து பொங்கல் வேலைகளில் பெரியவர்கள் ஓடித்திரிகிற இடைவெளிதான். பிள்ளைகளுக்கு நித்திரை சொக்கும், ஆனால் குளிர்த்தி பார்க்காமல் வீட்டுக்குப் போகவும் மாட்டார்கள். அந்த இடைவெளியில் ஒரு இருபத்தைந்து நிமிடம் போதும். முன்கூட்டியே வண்ணக்கரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு, கோயிலில் இருந்து தள்ளி ஒரு மரத்தடியைப் பிடியுங்கள்.

கதை எந்தக் காலத்துக் கதை? பழைய கதையா?

கதை நான் கட்டியது, அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அது நிற்கிற நிலம் பழையது. மாட்டைக் கட்டிச் சூடு மிதித்த காலத்தில் எங்கள் பக்கம் களவெட்டிக்கென்று ஒரு தனிப் பேச்சு இருந்தது. நெல்லை நெல் என்று சொல்வதில்லை, பொலி. மாடு வாரிக்காலன். ஓலைக் கடகம் பெருவாயன். பூதம் களவெட்டியைச் சுற்றிக் காத்திருக்கிறது, உள்ளதை உள்ள பெயரில் சொன்னால் அதற்கு விளங்கிவிடும், பொலியைக் கொண்டு போய்விடும் என்பதுதான் காரணம். அளக்கும்போதும் முதல் மரைக்காலை ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார்கள், ‘லாபம்’ என்று சொல்லித்தான் அடுத்ததாக இரண்டுக்குப் போவார்கள்.

இந்த ‘லாபம்’ என்ற சொல்தான் என் கதைக்கு அச்சு. ஒரு சொல்லைச் சொல்லக் கூடாது, அதற்குப் பதிலாக இன்னொன்றைச் சொல்ல வேண்டும் என்றால் அது அப்படியே ஒரு விளையாட்டு. பிள்ளைகளை வைத்துக் கதை சொல்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கூட்டம் சொல்ற வரியள் என்னென்ன?

மூன்று.

முதலாவது பொலி வரி. நான் பாதி, கூட்டம் பாதி:

அள்ளினாலும் — பொலி!
அளந்தாலும் — பொலி!
ஆர் வந்து கேட்டாலும் — பொலியோ பொலி!

இரண்டாவது பூதத்தின் நடை. இதைக் கூட்டம் முழுதாகச் சொல்லும், தொடையில் தட்டிக்கொண்டு:

தொம் தொம் தொம் தொம், பூதம் வருகுது!

மூன்றாவது ஒற்றைச் சொல்: லாபம்!

முதல் இரண்டையும் கதை தொடங்க முன்னம் சொல்லிக்கொடுங்கள். மூன்றாவதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அது கதைக்குள்ளேயே பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டியது.

ஏன் இவ்வளவு சின்ன வரி? நல்ல நீட்டான பாட்டு ஒண்டு வைக்கலாமே?

வைத்துப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை சொன்னபோது எதுகை மோனையெல்லாம் போட்டு நாலடிப் பாட்டு ஒன்று கட்டிக்கொண்டு போனேன். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது, பிள்ளைகளுக்குத்தான் இரண்டாம் அடியில் இருந்து ஒன்றும் வரவில்லை. முன்வரிசையில் நாலு பேர் முணுமுணுக்க, மற்றவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதை முடிய ஒரு தம்பி வந்து ‘அண்ணன், பாட்டு நல்லம், கதை என்ன?’ என்று கேட்டான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு அளவு பிடிபட்டது. ஒரு மூச்சுக்குள் கத்தி முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், கடைசிச் சொல் வாய் திறந்து முடிய வேண்டும். ‘பொலியோ பொலி’யில் அந்த ‘யோ’வை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், அதில்தான் கூட்டம் ஒன்று சேருகிறது. பின்னால் இருந்து பிந்தி வருகிறவனும் ‘யோ’வில் ஏறிக்கொள்வான். மெய்யெழுத்தில் டக்கென்று முடிகிற வரி என்றால் ஆளுக்கு ஒரு நேரத்தில் முடித்து, சரளைக்கல் கொட்டின மாதிரிச் சத்தம் வரும். ‘லாபம்’ அப்படி முடிகிற சொல்தான், ஆனால் அது ஒற்றைச் சொல், ‘லா’விலேயே எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள்.

இன்னொன்று, கூட்டத்தை உள்ளே கூப்பிடுகிற உங்கள் பாதியும் மாறக் கூடாது. ‘அள்ளினாலும்’ என்று இன்றைக்கும் ‘அள்ளி எடுத்தாலும்’ என்று நாளைக்கும் சொன்னால் பிள்ளைகள் ஒரு கணம் யோசிப்பார்கள், அந்த ஒரு கணத்தில் சத்தம் பாதியாகிவிடும்.

முழுக் கதையையும் எங்க கத்த வேணும் என்றதோட எழுதித் தாங்களேன்.

சரி, சொல்கிற மாதிரியே எழுதுகிறேன். மேலே சொன்ன மூன்று வரிகளும் வருகிற இடமெல்லாம் கூட்டத்தின் பங்கு.

எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உள்ள ஒரு பெத்தா. தோணியில் வாவியைக் கடந்து போய், வாடி கட்டி, வெட்டி, சூடு வைத்து, ஒரு பின்னேரம் களவெட்டியில் வாரிக்காலனை விட்டு மிதித்தாகிவிட்டது. நடுவில் பொலி குவிந்து கிடக்கிறது, பெத்தாவின் இடுப்பு உயரம். அள்ளினாலும் பொலி! அளந்தாலும் பொலி! ஆர் வந்து கேட்டாலும் பொலியோ பொலி!

சுற்றிவரச் சாம்பலால் கோடு போட்டார்கள். வயலைப் பார்க்கிற முல்லைக்காரர் சொன்னார், ‘நீங்க படுங்க பெத்தா, நான் பார்த்துக்கொள்றன்.’ நடுச்சாமம். குளத்தில் தவளைகூடக் கத்தவில்லை. தொம் தொம் தொம் தொம், பூதம் வருகுது! பூதம் கோட்டுக்கு வெளியே நின்று, மிகவும் மரியாதையாக, ‘முல்லைக்காரரே, களவெட்டிக்கு எத்தனை பேர் காவல்?’ என்று கேட்டது. அரை நித்திரையில் முல்லைக்காரர் ‘ஒன்று’ என்றார். அவ்வளவுதான், சாம்பல் கோடு அழிந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் பொலி முழங்கால் உயரம். அள்ளினாலும் பொலி. அளந்தாலும் பொலி. (இந்த இடத்தில் மூன்றாவது பாதியைச் சொல்லாமல் நிறுத்துங்கள். பிள்ளைகள் ‘பொலியோ’வுக்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களைப் பார்ப்பார்கள். குறைந்து போன பொலி அவர்களுக்கு அங்கேதான் தெரியும்.)

இரண்டாம் இரவு பெத்தாவின் மருமகன் துவக்கோடு பரணில் ஏறினார். ‘யானைக்கே பயமில்லை மாமி, பூதம் என்ன பூதம்?’ நடுச்சாமம். தொம் தொம் தொம் தொம், பூதம் வருகுது! ‘மருமகனாரே, துவக்கில் வெடி எத்தனை?’ அவருக்குப் பெருமை. ‘உனக்கு ஒன்று போதும்!’ கோடு அழிந்தது. விடிய, பொலி கணுக்கால் உயரம். அள்ளினாலும்… (கூட்டம் கிசுகிசுத்து) பொலி. அதோடு சரி.

பெத்தா இருவரிடமும் கேட்டார். ‘என்ன சொன்னீங்க?’ ‘ஒன்று என்றுதான்.’ பெத்தா தலையில் கைவைத்தார். ‘களவெட்டிக்குள்ள நின்று ஆராவது அந்தச் சொல்லைச் சொல்லுவானா? அளக்கேக்க என்ன சொல்றது?’ (இங்கே கூட்டத்தைப் பார்த்து நில்லுங்கள். வயற்கார வீட்டுப் பிள்ளை ஒன்றாவது ‘லாபம்!’ என்று கத்தும். கத்தாவிட்டால் பின்னால் நிற்கிற தாத்தாமார் ஒருவர் சொல்லுவார், அது இன்னும் நல்லது.)

மூன்றாம் இரவு பெத்தாவே காவல். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, பொலிக்குப் பக்கத்தில் கடகத்தைக் கவிழ்த்து அதன்மேல் குந்தினார். தொம் தொம் தொம் தொம், பூதம் வருகுது!

‘கிழவி, காவலுக்கு எத்தனை பேர்?’ லாபம்!
‘வானத்தில நிலா எத்தனை?’ லாபம்!
‘யானைக்குத் தும்பிக்கை எத்தனை?’ லாபம்!
‘உன்ர மூஞ்சியில மூக்கு எத்தனை?’ லாபம்!
‘வாவிக்குக் கரை எத்தனை?’

(பாதிப் பேர் ‘லாபம்’ என்று கத்துவார்கள், பாதிப் பேர் ‘ரெண்டு’ என்பார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எழுவான்கரை, படுவான்கரை என்று விரலை மடித்துக் காட்டிவிட்டு, சிரிப்பு அடங்க முன்னம் தொடருங்கள்.)

பெத்தா ‘ரெண்டு’ என்று சொல்லி வெற்றிலையைத் துப்பினார். ‘நீ இவ்வளவு கேட்டாய். நான் மூன்று கேட்கவா?’ பூதத்திடம் ஆரும் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. அதற்கு மகிழ்ச்சி. ‘கேள் கிழவி!’

‘உனக்குக் கண் எத்தனை?’ ‘ரெண்டு!’
‘காது எத்தனை?’ ‘ரெண்டு!’
‘வாய் எத்தனை?’

‘ஒன்—’

(அந்த இடத்தில் உங்கள் வாயைக் கையால் பொத்துங்கள். ஒன்றும் பேசாமல் கண்ணை மட்டும் உருட்டுங்கள். மூன்று எண்ணுங்கள்.)

களவெட்டியில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னால் சொன்னவரின் பொருள் போய்விடும், அது பூதமே போட்ட சட்டம். பூதத்தின் வாய் முகத்தில் இருந்து கழன்று, மணலில் உருண்டு வந்து, பெத்தா குந்தியிருந்த கடகத்தில் ஒட்டிக்கொண்டது. அன்றில் இருந்து கடகத்துக்குப் பெயர் பெருவாயன். பெத்தா அதை நிமிர்த்தி வைக்க, இரண்டு இரவும் தின்ற பொலியெல்லாம் அந்த வாயால் கொட்டத் தொடங்கியது, கணுக்கால், முழங்கால், இடுப்பு, தலைக்கு மேலே. அள்ளினாலும் பொலி! அளந்தாலும் பொலி! ஆர் வந்து கேட்டாலும் பொலியோ பொலி!

பிள்ளையள் வரியைப் பிடிச்சிட்டா விடுறாங்கள் இல்ல. கதையைக் கொண்டு போக ஏலாமக் கிடக்கு.

எல்லாருக்கும் வருகிற கரைச்சல் இது, பெரும்பாலும் ‘தொம் தொம்’மில்தான் வரும், ஏனென்றால் தட்டத் தொடங்கின கை தானாக நிற்காது. அடக்குவதற்குக் கத்தினால் அவர்கள் இன்னும் கூடக் கத்துவார்கள். வேலைக்கு ஆகிறது என்னவென்றால், அடுத்த வசனத்தை வேண்டுமென்றே மிகவும் தாழ்ந்த குரலில் தொடங்குவது. பூதம் மரியாதையாகக் கேட்கிறது என்று நான் எழுதினதற்கு அதுதான் காரணம். தடித்த குரலில் உறுமுகிற பூதமாக இருந்தால் கூட்டத்தின் சத்தத்தோடு போட்டிபோட வேண்டி வரும். மெல்லப் பேசுகிற பூதத்தைக் கேட்கப் பிள்ளைகள் தாங்களாகவே வாயை மூடுவார்கள், பக்கத்தில் தட்டுகிறவனின் கையையும் பிடிப்பார்கள்.

கதை போகப் போக வேகம் ஏறுவதையும் கவனியுங்கள். முதல் நடை ஆறுதலாக, ஒரு பெரிய ஆள் சேற்றில் கால் வைக்கிற மாதிரி இருக்க வேண்டும். கூட்டம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விரைவாகத்தான் சொல்லும், அது இயல்பு. மூன்றாம் இரவில் வேகம் இருப்பது நல்லதுதான், முதலாம் இரவிலேயே ஓடினால் மூன்றாம் இரவுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. உங்கள் காலை மணலில் ஓங்கி வைத்துக் காட்டினால் கூட்டம் உங்கள் காலைப் பார்த்துத் தட்டும்.

கோயில் மைக்கைக் கேட்டு வாங்கலாமா?

நூறு நூற்றைம்பது பேர் என்றால் வேண்டாம், நெருக்கி இருத்துங்கள். ஒருமுறை எனக்குக் குரல் அடைத்திருந்ததால் மைக் வாங்கிச் சொன்னேன், வாய்க்குழல் ஸ்பீக்கர் தூரத்தில் பந்தலின் கோடியில் கட்டியிருந்தது. சத்தம் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். உங்களிடம் இருந்தும் ஸ்பீக்கரில் இருந்தும் 70 மீற்றர் தள்ளி இருக்கிற கூட்டம் உங்கள் குரலைக் கேட்கவே ஐந்தில் ஒரு செக்கன் பிந்தும், அவர்கள் திருப்பிச் சொல்வது உங்களுக்கு வர இன்னொரு ஐந்தில் ஒரு செக்கன். கதை கேட்கிறவனுக்கு இது ஒன்றுமில்லை. ‘அள்ளினாலும்’ என்றதும் ‘பொலி’ வந்து விழ வேண்டிய விளையாட்டுக்கு இது பெரிய ஓட்டை. நான் ‘அளந்தாலும்’ என்னும்போது பின்வரிசையின் முதல் ‘பொலி’ வந்துகொண்டிருந்தது. மைக் இல்லாமல் முடியாது என்றால் உங்களுக்கும் கூட்டத்துக்கும் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு, கோயிலின் மற்ற ஸ்பீக்கர்களை நிறுத்தச் சொல்லுங்கள்.

பூத நடைக்கு உடுக்கு அடிச்சா எடுப்பா இருக்குமே?

எடுப்பாகத்தான் இருக்கும், ஆனால் வேண்டாம். சடங்கு இரவில் உடுக்குச் சத்தம் கேட்டால் உரு வருகிறவர்கள் அந்த வெளியிலேயே இருப்பார்கள். அவர்களையும் அம்மனையும் பூதக் கதைக்குள் இழுப்பது மரியாதை இல்லை, உரு வந்த ஒருவரைச் சுற்றிப் பயந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு உங்களால் ஒன்றும் செய்யவும் முடியாது. குரவையும் அரோகராவும்கூட அப்படித்தான், அவை கோயிலுக்கு உரியவை, கூட்டத்துக்கு ஏற்கெனவே வாய்ப்பாடம் என்பதற்காக அவற்றைக் கதைக்குள் கொண்டுவர வேண்டாம். தொடையைத் தவிர வேறு மேளம் ஒன்றும் தேவையில்லை.

இப்ப எல்லாம் வெட்டுமெஷின்தான். களவெட்டி எண்டா என்ன எண்டே பிள்ளையளுக்குத் தெரியாது, விளங்கப்படுத்த வேணுமா?

கொஞ்சம். தொடங்க முன்னம் நான் காலால் மணலில் ஒரு வட்டம் கீறி, ‘இதுதான் களவெட்டி, மெஷின் வர முன்னம் மாடு இதற்குள்ளே சுற்றிச் சுற்றி நடந்து நெல்லைக் கதிரில் இருந்து பிரிக்கும்’ என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவேன். பொலி, வாரிக்காலன் இரண்டுக்கும் பொருள் சொல்வேன். பெருவாயனைச் சொல்லவே மாட்டேன், அது கடைசியில் வர வேண்டியது. ஆனால் கடகம் ஒன்றைக் கட்டாயம் கொண்டு போங்கள். பொங்கலுக்கு அரிசி கொண்டுவந்த வீட்டில் இரவல் கேட்டால் தருவார்கள். அதைக் கவிழ்த்து வைத்து நீங்களும் அதன் பக்கத்தில் குந்திக்கொண்டால், நிமிர்த்துகிற இடத்தில் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவை வராது.

சின்னப் பிள்ளை பயந்து அழுதா?

மடியில் இருக்கிற பிள்ளை என்றால் தாய் பார்த்துக்கொள்வார். நாலைந்து வயதுப் பிள்ளை என்றால் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, ‘லாபம்’ சொல்கிற பொறுப்பைக் கொடுங்கள். பூதத்தை வெருட்டுகிற வேலை கையில் வந்த பிறகு அழுத பிள்ளையை நான் காணவில்லை, சத்தம் கூடிப்போய் நாங்கள்தான் பயந்தோம்.

வாய் போன பூதத்துக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு கேக்கிறாங்கள். என்ன சொல்ல?

நான் ஒன்றும் சொல்வதில்லை, அவர்களையே கேட்பேன். போன முறை ஒரு சின்ன மகள் எழும்பி, பூதம் இப்ப வெட்டுமெஷினுக்குள்ளே போய் இருக்கிறது, அதுதான் மெஷின் அப்படிக் கத்துகிறது என்றாள். பின்னால் இருந்த தம்பி விடவில்லை, ‘அதுக்குத்தான் வாயே இல்லையே, எப்படிக் கத்தும்?’ என்றான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘கடகத்தைத் திருப்பிக் களவெடுத்திட்டுது’ என்றாள். எல்லாரும் திரும்பி என் பக்கத்தில் கிடந்த கடகத்தைப் பார்த்தார்கள். அதற்குள் கோயில் மணி அடித்துவிட்டது, குளிர்த்தி பார்க்க எழும்பி ஓடிவிட்டார்கள்.